ஜூனியர்களைக் குவெரிப் பயிற்சிக்கு அழைக்கும் பேச்சு: மேடையிலேயே ஒரு குவெரியை உடைத்துக் காட்டுவது எப்படி

கம்ப்யூட்டர் கிளப் செயலாளரான முதல் ஆண்டில் நான் பேசிய பேச்சு இப்படித் தொடங்கியது: 1970-ல் எட்கர் காட் ரிலேஷனல் மாடலைப் பற்றிக் கட்டுரை எழுதினார், 1974-ல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் SEQUEL என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள், அந்தப் பெயர் பிறகு SQL ஆனது. அதற்கப்புறம் இன்டர்வியூவில் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு பட்டியல். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். சொன்னதெல்லாம் சரியான தகவல்தான், கைகூடத் தட்டினார்கள். அடுத்த புதன்கிழமை லேபுக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவன் லேப்டாப் சார்ஜரைத் தேடி வந்தவன்.

அடுத்த ஆண்டு வரலாற்றை அடியோடு விட்டுவிட்டேன். பயிற்சியில் நடப்பதையே ஐந்து நிமிடத்துக்கு மேடையில் நடத்திக் காட்டினேன்: ஒரு சின்ன டேபிள், ஒரு குவெரி, அது சரியாக விடை தருகிறது, ஒரே ஒரு ரோ சேர்க்கிறேன், அதே குவெரி வாயை மூடிக்கொள்கிறது. ஏன் என்று பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியைப் புதன்கிழமைக்கு வைத்தேன். அந்த வாரம் லேபில் நாற்காலி போதவில்லை.

அடுத்து செயலாளராக வருபவர்களுக்காக அந்தப் பேச்சைத் தயாரிக்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பேச்சின் வாசகமும் உள்ளே இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: எந்தக் குவெரியை உடைப்பது

பேச்சின் பாதி வெற்றி இந்தத் தேர்விலேயே இருக்கிறது. முதலாமாண்டு மாணவருக்கும் கேள்வி ஒரே மூச்சில் புரிய வேண்டும். டேபிள் ஒரே திரையில் அடங்க வேண்டும், ஏனென்றால் சரியான விடை எது என்று கூட்டம் கண்ணாலேயே பார்த்துச் சொல்லியாக வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: குவெரி தவறும்போது எரர் வரக் கூடாது. எரர் வந்தால் "ஏதோ டைப் பண்ணத் தெரியவில்லை" என்று நினைப்பார்கள். எரரே இல்லாமல் தவறான விடை வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த மூன்றுக்கும் பொருந்துவது `NOT IN` குவெரியில் ஒரு `NULL` நுழையும் விஷயம். மூன்று டேபிள் ஜாயின், விண்டோ ஃபங்ஷன் என்று வித்தை காட்டும் ஆசை உங்களுக்கு வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். கடினமான குவெரியைக் காட்டினால் "இது நமக்கில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எளிதாகத் தெரியும் குவெரி காலை வாரினால்தான் "என்ன இது?" என்று கேட்பார்கள்.

படி 2: டேபிளைத் தயார் செய்தல்

எஸ்கியூலைட் போதும். சர்வர், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம், மேடையில் நெட் போனாலும் கவலையில்லை. கீழே உள்ளதை `setup.sql` என்று ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

```sql
DROP TABLE IF EXISTS members;
DROP TABLE IF EXISTS visits;
CREATE TABLE members (id INTEGER, name TEXT);
CREATE TABLE visits (member_id INTEGER, week INTEGER);
INSERT INTO members VALUES
 (1,'Kayal'),(2,'Mani'),(3,'Selvi'),(4,'Arul'),(5,'Nila');
INSERT INTO visits VALUES (1,1),(1,2),(3,1),(4,2);
```

ஐந்து உறுப்பினர்கள், இரண்டு வார வருகைப் பதிவு. கயல் இரண்டு வாரமும் வந்தாள், செல்வி முதல் வாரம், அருள் இரண்டாம் வாரம். மணியும் நிலாவும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு `DROP` வரிகளை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். நான் அவை இல்லாமல்தான் ஒத்திகை பார்த்தேன். ஒரே ஃபைலை இரண்டாவது முறை ஓட்டியபோது, டேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு எரர் வந்தது. ஆனால் எஸ்கியூலைட் அங்கேயே நிற்காமல் அடுத்தடுத்த வரிகளை ஓட்டிக்கொண்டே போய், எல்லா ரோவையும் இன்னொரு முறை சேர்த்துவிட்டது. விடையில் மணி இரண்டு தடவை, நிலா இரண்டு தடவை. மேடையில் இது நடந்தால், நீங்கள் காட்ட வந்த தவறு ஒன்று, அவர்கள் பார்க்கும் தவறு வேறொன்று என்று ஆகிவிடும்.

இன்னொன்று, இந்த வரிகளைச் சாதாரண எடிட்டரில் டைப் செய்யுங்கள். வேர்டு ஃபைலில் எழுதி ஒட்டினால் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடும். அப்புறம் `no such column` என்று எரர் வரும், கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும், கை நடுங்க ஆரம்பிக்கும்.

மேடையில் ஓட்ட வேண்டியது இவ்வளவுதான்:

```
sqlite3
.read setup.sql
.nullvalue NULL
SELECT * FROM members;
SELECT * FROM visits;
```

ஃபைல் பெயர் கொடுக்காமல் `sqlite3` என்று மட்டும் அடித்தால் டேபிள்கள் மெமரியில்தான் இருக்கும், மூடினால் போய்விடும். டெமோவுக்கு அதுதான் நல்லது, ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் தொடங்கலாம். மூன்றாவது வரி இல்லாவிட்டால் `NULL` விடை வெறும் காலி வரியாகத் தெரியும். பின்வரிசைக்காரருக்கு அங்கே ஏதோ வந்திருக்கிறது என்பதே தெரியாது.

எழுத்தின் அளவை, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேடையிலிருந்து பார்த்தால் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

படி 3: பேச்சின் தொடக்கம்

வரவேற்புரை, நன்றி நவிலல், கிளப்பின் சாதனைகள் எதுவும் வேண்டாம். நேராக டேபிளுக்குப் போய்விடுங்கள். நான் சொன்னது இது:

"வணக்கம். நான் கம்ப்யூட்டர் கிளப் செயலாளர். அடுத்த ஐந்து நிமிடம் உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. திரையில் இரண்டு டேபிள் இருக்கின்றன. ஒன்றில் கிளப் உறுப்பினர்கள் ஐந்து பேர். இன்னொன்றில் யார் எந்த வாரம் வந்தார்கள் என்ற பதிவு. கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு முறைகூட வராதவர்கள் யார்? கம்ப்யூட்டரை விடுங்கள், உங்கள் கண்ணாலேயே பார்த்துச் சொல்லுங்கள்."

இங்கே நிறுத்திக் காத்திருங்கள். முதல் ஐந்து விநாடி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நீங்களே விடையைச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. எங்கிருந்தாவது "மணி" என்று ஒரு குரல் வரும், அப்புறம் "நிலா". கூட்டம் தன் வாயால் சொன்ன இந்த விடைதான் பிறகு குவெரியை மடக்கப் போகும் சாட்சி.

"சரி, மணியும் நிலாவும். இப்போது இதையே கம்ப்யூட்டரிடம் கேட்போம். உறுப்பினர் எண், வருகைப் பதிவில் இல்லாதவர்களின் பெயரைக் கொடு. தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்."

```sql
SELECT name FROM members WHERE id NOT IN (SELECT member_id FROM visits);
```

இதை ஒட்டாமல், எல்லோரும் பார்க்க டைப் செய்யுங்கள். அடைப்புக்குள் இருப்பது முதலில் வந்தவர்களின் எண்களைத் திரட்டுகிறது, வெளியே இருப்பது அந்தப் பட்டியலில் இல்லாதவர்களைப் பொறுக்குகிறது என்று கை ஓட ஓடச் சொல்லுங்கள். கடைசியில் செமிகோலனை மறந்துவிட்டால் எஸ்கியூலைட் `...>` என்று காட்டிவிட்டு மீதி வரிக்காகக் காத்திருக்கும். எனக்கு அது நிஜமாகவே நடந்தது. ஹேங் ஆகிவிட்டதோ என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் "அண்ணா, செமிகோலன்!" என்றாள். அதற்கு எழுந்த சிரிப்பில்தான் மண்டபமே இளகியது. அதற்காக வேண்டுமென்றே மறக்காதீர்கள், நடிப்பு தெரிந்துவிடும்.

விடை வருகிறது: Mani, Nila. கூட்டம் சொன்னதும் கம்ப்யூட்டர் சொன்னதும் ஒன்று.

படி 4: ஒரு ரோவைச் சேர்த்தல்

பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

"இரண்டாம் வாரம் ஒருவர் வந்தார். வருகைத் தாளில் எண் எழுதினார், ஆனால் அதன்மேல் தண்ணீர் சிந்தி எண் அழிந்துவிட்டது. யாரோ வந்தார் என்று தெரியும், யார் என்று தெரியாது. பதிவு செய்பவர் என்ன செய்வார்? எண் இருக்கும் இடத்தை வெறுமையாக விடுவார். அந்த வெறுமைக்கு டேட்டாபேஸில் `NULL` என்று பெயர்."

```sql
INSERT INTO visits VALUES (NULL, 2);
```

"அதே குவெரியை மறுபடியும் ஓட்டப் போகிறேன், ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஓட்டுவதற்கு முன் கை தூக்குங்கள். மணியும் நிலாவும் அப்படியே வருவார்கள் என்பவர்கள்? கூட ஒரு பெயர் வரும் என்பவர்கள்? எரர் வரும் என்பவர்கள்?"

பெரும்பாலான கைகள் முதல் கேள்விக்கே உயரும். நியாயம்தான், அழிந்த எண் ஒன்று சேர்ந்ததால் மணியின் நிலை ஏன் மாற வேண்டும்? கைகள் உயர்ந்திருக்கும்போதே என்டரைத் தட்டுங்கள்.

எதுவும் வராது. பெயர் இல்லை, எரர் இல்லை, அடுத்த குவெரியைக் கேட்கும் `sqlite>` மட்டும்.

மேலம்பை அழுத்தி இன்னொரு முறை ஓட்டிக் காட்டுங்கள். மீண்டும் வெறுமை. "இந்தக் குவெரியின்படி வராதவர்கள் யாருமே இல்லை. எல்லோரும் வந்துவிட்டார்களாம். மணி வந்தாரா?" கூட்டம் இல்லை என்னும். "பிறகு ஏன்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

படி 5: எவ்வளவு விளக்குவது

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, முழுவதையும் விளக்கிவிடுகிறார்கள், அப்புறம் புதன்கிழமை வர ஒருவருக்கும் காரணமில்லை. அல்லது எதையும் விளக்காமல் "வந்தால் தெரியும்" என்கிறார்கள், அது சீரியலின் கடைசிக் காட்சி மாதிரி எரிச்சலூட்டும். நான் காரணத்தைச் சொல்வேன், தீர்வைச் சொல்ல மாட்டேன்.

அதற்கு முதலில் நமக்குக் காரணம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். மணியின் எண் 2. அடைப்புக்குள் இருக்கும் குவெரி தரும் பட்டியல் 1, 1, 3, 4, `NULL`. ஆக `NOT IN` கேட்பது இதைத்தான்: 2 என்பது 1 இல்லையா, 3 இல்லையா, 4 இல்லையா, `NULL` இல்லையா? எல்லாமே உண்மையாக இருந்தால்தான் மணியின் ரோ தேறும். முதல் மூன்றும் உண்மை. நான்காவது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, "தெரியாது". உண்மையையும் தெரியாததையும் `AND` போட்டு இணைத்தால் விடை தெரியாது. `WHERE` என்பது கறாரான வாயிற்காவலர். "உண்மை" என்ற சீட்டு வைத்திருப்பவரை மட்டும்தான் உள்ளே விடும், "தெரியாது" என்பவரைப் பொய்யோடு சேர்த்து வெளியே நிறுத்திவிடும். நிலாவுக்கும் இதே கதி. கயல், செல்வி, அருள் மூவரும் வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு விடை நேரடியாகப் பொய். ஆகவே ஐந்து பேரில் ஒருவரும் தேறவில்லை.

மேடையில் இதைக் காட்ட இரண்டு வரி போதும்:

```sql
SELECT 1 NOT IN (1, 3, 4, NULL);
SELECT 2 NOT IN (1, 3, 4, NULL);
```

முதலாவதற்கு `0` வரும், அதாவது பொய். இரண்டாவதற்கு `NULL` வரும். `.nullvalue` வரியை முதலிலேயே போட்டது இந்த ஒரு நொடிக்காகத்தான்.

இதையே கூட்டத்திடம் கணக்குப் பாடமாகச் சொல்லாதீர்கள். நான் சொன்னது இப்படி:

"கம்ப்யூட்டர் தப்பு செய்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் அதன் பக்கம் நின்று பாருங்கள். தாளில் ஒரு எண் அழிந்திருக்கிறது. அது மணியின் எண்ணாக இருந்தால்? மணி வரவேயில்லை என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. நிலா வரவில்லை என்று? அதுவும் முடியாது. யார் வரவில்லை என்று உறுதியாகத் தெரியாததால் கம்ப்யூட்டர் யார் பெயரையும் சொல்லவில்லை. அது நேர்மையாகத்தான் இருக்கிறது. நாம் கேட்க நினைத்தது ஒன்று, கேட்டது இன்னொன்று. கேட்க நினைத்ததைச் சரியாகக் கேட்பது எப்படி? அதற்குக் குறைந்தது மூன்று வழி இருக்கிறது. அதைத்தான் புதன்கிழமை செய்யப்போகிறோம்."

இந்த இடத்தில் யாராவது கை தூக்கி, "`member_id` வெறுமையாக இருக்கவே கூடாது என்று டேபிளிலேயே `NOT NULL` போட்டுவிடலாமே அண்ணா?" என்று கேட்கலாம். அருமையான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். போடலாம், பல இடங்களில் போட வேண்டும். ஆனால் அப்படிப் போட்டால் எண் அழிந்த அந்த வருகையைப் பதிவு செய்யவே முடியாது, யாரோ வந்தார் என்ற தகவலும் சேர்ந்து போய்விடும். தவிர, டேபிளில் ஒரு `NULL`கூட இல்லாவிட்டாலும் `LEFT JOIN` செய்யும்போது நடுவில் `NULL` முளைக்கும். கேட்டவரின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு செயலாளராக அவர் வரக்கூடும்.

படி 6: அழைப்பு

இதுவரை பயிற்சி நேரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இப்போதுதான் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள்.

"ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை, இரண்டாம் லேபில். வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. முதல் கால் மணி நேரம் யாரும் கீபோர்டைத் தொடக் கூடாது, விடை எப்படி வர வேண்டும் என்பதைக் காகிதத்தில் கையால் எழுத வேண்டும். அப்புறம் இருவர் இருவராக உட்கார்ந்து குவெரி எழுதுவோம். கடைசியில் ஒரு விளையாட்டு: பக்கத்து ஜோடியின் டேபிளில் ஒரே ஒரு ரோ சேர்த்து அவர்கள் குவெரியை உடைக்க வேண்டும். இப்போது நான் செய்தேனே, அதேதான். டிபிஎம்எஸ் பாடம் இன்னும் நடக்கவில்லையா? பரவாயில்லை, `SELECT`-ல் இருந்துதான் தொடங்குகிறோம். லேப்டாப் வேண்டாம், லேபில் மெஷின் இருக்கிறது. வேறு துறையா? மணியும் நிலாவும் வரவில்லை என்று கண்டுபிடித்தீர்கள் அல்லவா, அது போதும்."

நாள், நேரம், இடம் மூன்றையும் திரையில் பெரிதாகப் போட்டு, பேசி முடியும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

இங்கே சொல்லக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். "வேலை கிடைக்கும்" என்று சொல்லாதீர்கள், அதை அவர்கள் எல்லாக் கூட்டத்திலும் கேட்டுக் களைத்திருக்கிறார்கள். சான்றிதழ் உண்டு என்று சொன்னால் சான்றிதழுக்கு மட்டும் வருபவர்கள் வருவார்கள், மூன்றாம் வாரம் காணாமல் போவார்கள். "ரொம்ப ஈஸி" என்று சொல்வது எல்லாவற்றையும்விட மோசம். ஈஸியானது தனக்குப் புரியவில்லை என்றால் அந்த மாணவர் தன்னைத்தான் குறைத்து நினைப்பார். ஐந்து ரோவுள்ள டேபிளிலேயே நம் கணிப்பு தவறியதை அவர்கள் இப்போதுதான் பார்த்தார்கள்.

படி 7: முடிவாக ஒரு தாள்

"விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள்" என்று தாளைச் சுற்றவிட்டால் நண்பன் எழுதினான் என்று எல்லோரும் எழுதுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியையும் வையுங்கள். நான் வைத்தது இது: "அழிந்த எண் அப்படியே டேபிளில் இருக்கிறது. இப்போது `NOT IN`-க்குப் பதில் `IN` போட்டு, வந்தவர்களின் பெயரைக் கேட்டால் என்ன வரும்?"

பலர் இதுவும் காலியாகத்தான் வரும் என்று எழுதுவார்கள். உண்மையில் கயல், செல்வி, அருள் என்று சரியாகவே வரும். `IN`-க்கு ஒரு பொருத்தம் கிடைத்தாலே உண்மை ஆகிவிடும். மணிக்கும் நிலாவுக்கும் "தெரியாது" என்று வந்தாலும் அவர்கள் எப்படியும் விடையில் வர வேண்டியவர்கள் இல்லை. வந்தவர்களைக் கேட்கும்போது எல்லாம் ஒழுங்காக வருவதால்தான் இந்தச் சிக்கல் நாள்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கிறது. யாராவது எதிர்மறையாகக் கேட்கும் அன்றுதான் வெளியே வரும். இந்த விடையை மேடையில் சொல்லாதீர்கள். தாளில் எழுதியதைச் சரிபார்த்துக்கொள்ளவே பாதிப் பேர் வருவார்கள்.

படி 8: முதல் புதன்கிழமை

பேச்சில் கொடுத்த வாக்கை முதல் வாரமே காப்பாற்ற வேண்டும். புதிய கேள்வி எடுக்காதீர்கள், மேடையில் உடைந்த அதே குவெரியில் தொடங்குங்கள். காகிதத்தில் மணி, நிலா என்று எழுதிவிட்டு அந்த விடையைத் தரும் குவெரியைத் தேடட்டும். வழக்கமாக மூன்று விதமான விடைகள் வரும்.

முதலில் வருவது, அடைப்புக்குள் `WHERE member_id IS NOT NULL` என்று சேர்ப்பது. சரிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஞாபகமாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவது `LEFT JOIN` செய்து, பொருத்தம் கிடைக்காத ரோக்களை மட்டும் எடுப்பது. மூன்றாவது இது:

```sql
SELECT name FROM members m
WHERE NOT EXISTS (
  SELECT 1 FROM visits v WHERE v.member_id = m.id
);
```

இந்த மூன்றாவதில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். `NOT IN` கேட்பது "மணி வரவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்று. `NOT EXISTS` கேட்பது "மணியின் எண்ணோடு ஒரு பதிவாவது இருக்கிறதா?" என்று. அழிந்த எண் மணியின் எண்ணோடு பொருந்துகிறது என்று யாராலும் காட்ட முடியாது, அதனால் பதிவு இல்லை, மணியின் பெயர் விடையில் வருகிறது. ஆக இரண்டும் இரண்டு வேறு கேள்விகள். வருகை குறைந்தவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டுமானால் இரண்டாவது கேள்வி போதும். யாரையாவது உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவதாக இருந்தால் முதல் கேள்விதான் நியாயம், அழிந்த எண் யாருடையது என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது லேபில் ஐந்து நிமிடம் சண்டையே நடந்தது. கீபோர்டை யாரும் தொடவில்லை. நான் தடுக்கவும் இல்லை.

யாராவது `EXCEPT` போட்டுப் பார்த்தேன் என்றால் பாராட்டுங்கள், அதுவும் 2, 5 என்ற எண்களைச் சரியாகவே தரும். பெயர் வேண்டுமானால் இன்னொரு அடி எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜோடியில் ஒருவரே கடைசிவரை டைப் செய்துகொண்டிருப்பதை மட்டும் கண்காணியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "இடம் மாறுங்கள்" என்று குரல் கொடுத்தால் போதும். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தவர் அடுத்த வாரம் வர மாட்டார், இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டது இது.

கடைசிப் பத்து நிமிடம் உடைக்கும் விளையாட்டுக்கு. முதல் வாரம் எங்களிடம் ஒரு ஜோடி `members` டேபிளிலேயே எண் இல்லாத ஓர் உறுப்பினரைச் சேர்த்துவிட்டது. மூன்றாவது வழி அவரை வராதவர் என்றது. `IS NOT NULL` சேர்த்த முதல் வழி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. எது சரி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி ஐந்தாகிவிட்டது. அடுத்த வாரக் கேள்வியைப் போர்டில் எழுதும் வேலை எனக்கு மிச்சமாயிற்று.